கனவில் வந்த ஐந்தெழுத்து

திருப்பாதிரிப்புலியூர்

அன்புள்ள மங்கை,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதேடி. அத்தை சௌக்கியம். உன் பலாப்பழக் கணக்கு அப்படியே இருக்கிறது, வட்டி கேட்காதே.

போன வெள்ளிக்கிழமை விடியற்காலையில் ஐயா கனவில் வந்தார். திண்ணையில் உட்கார்ந்து, என் உள்ளங்கையில் விரலால் 'சிவாயநம' என்று எழுதினார். "இனிமே இது" என்றார். விழித்த பிறகும் கை குறுகுறுத்தது.

நமக்குச் சமய தீட்சையில் அவர் கொடுத்தது நமசிவாய. நகரம் மறைப்பு, மகரம் மலம், சி சிவம், வா அருள், ய உயிர். மறைப்பும் மலமும் முன்னால் நிற்கும் வரிசையில் நாம் ஓதுகிறோம். சிவமும் அருளும் முன்னால் வருவது, ஐயா வழியில், அடுத்த தீட்சைக்கு உரியது. அதை ஒரு கனவை நம்பி எடுத்துக்கொள்ளலாமா? மூன்று நாள் வேறு நினைப்பே இல்லை.

பாடலீஸ்வரர் கோயிலில் முதல் நாள் சாயங்காலம்தான் திருவருட்பயனில் ஐந்தெழுத்து அதிகாரம் கேட்டிருந்தேன். காதில் விழுந்ததே கனவாகியிருக்கலாம். ஆனால் உள்ளங்கையில் எழுதியதை அங்கே யாரும் சொல்லவில்லையே!

திருவதிகைப் பெரியவரிடம் போய்ச் சொன்னேன். எழுத்து ஐந்தும் தெளிவாகத் தெரிந்ததா, வேறு ஏதாவது செய்யச் சொன்னாரா, எழுந்ததும் மனசு அடங்கியதா பரபரத்ததா என்று கேட்டார். அடங்கித்தான் இருந்தது என்றேன். ஆனால் மத்தியானத்துக்குள், 'யாருக்கும் கிடைக்காதது எனக்குக் கிடைத்ததே' என்ற எண்ணம் வந்ததையும் மறைக்கவில்லை. "அதுதான் கவனிக்க வேண்டியது. கனவை விட, கனவுக்குப் பிறகு நீ என்ன ஆகிறாய் என்று பாரம்மா" என்றார்.

பிறகு அவர் சொன்னது நம் ஊர்க் கதைதான். தம்பி நாவுக்கரசர் இங்கே சமணப் பள்ளியில் தருமசேனராக இருந்தபோது, அதிகையில் அழுத அக்கா திலகவதியார் கனவில் இறைவன் வந்தார். கவலையை விடு, சூலை கொடுத்து ஆட்கொள்வோம் என்றுதான் சொன்னார். நோய் தாங்காமல் தம்பி ஓடி வந்து காலில் விழுந்தபோது, அஞ்செழுத்து ஓதித் திருநீறு கொடுத்தது விழித்திருந்த அக்காவின் கை. சிவனே கனவில் வந்தும், கொடுக்கும் வேலையை ஓர் ஆளிடம் விட்டான், பார்த்தாயா? எத்தனை தடவை கேட்ட கதை! இந்த இடம் எனக்கு அன்றைக்குத்தான் பட்டது.

அதனால் நமசிவாயத்தையே ஓதுகிறேன். கனவைத் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். மறுபடி வந்தாலும் பெரியவரிடம் சொல்லாமல் வரிசையை மாற்ற மாட்டேன்.

உன்னைத் தவிர வேறு யாரிடமும் சொல்லவில்லை. கடைசி மாதங்களில் ஐயா பக்கத்தில் இருந்தவள் நீ. அவர் யார் கையிலாவது அப்படி எழுதிப் பார்த்திருக்கிறாயா? எனக்கு அடுத்த தீட்சை கொடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொன்னாரா? இல்லையென்றால் இல்லை என்றே எழுது. என் மனசு நோகுமே என்று பார்க்காதே.

உன்
செல்வி