வாழைத்தோப்புக் கிளியும் உன்னோட ஷீட்டும்

டேய் மாப்ள,

ரொம்ப நாளா பதில் போடல, திட்டிக்கோ, ஆனா திட்டி முடிச்சதும் இதைப் படி. வீட்ல எல்லாரும் நல்லா இருக்கோம், அக்கா கால் வலி பழையபடிதான், நம்ம இலக்கண வாத்தியார் ஒலிபெருக்கி சார் ரிட்டையர் ஆகியும் இன்னும் சத்தம் குறையல. போதும். தமிழ் எழுத்து தெரியாத பிள்ளைங்க பாடுறதுக்காக இங்கிலீஷ் எழுத்துல போட்டு நீ அனுப்புன பாட்டு ஷீட்டைப் பார்த்ததுலேருந்து வேற எதுவும் ஓடல, அதான் எழுத உக்காந்துட்டேன்.

முதல்ல பாட்டு. நீயே எழுதுனதா சொன்ன, நம்புறேன், ஏன்னா கிளி மேல உனக்கு இருக்குற பைத்தியம் ஸ்கூல் காலத்துலயே தெரியும். நல்லாத்தான்டா இருக்கு:

வாழைத் தோப்பில் கிளி ஒண்ணு
வட்டம் போட்டுப் பறக்குது
ஓலைக் கூட்டில் குஞ்சு மூணு
ஊருக்கெல்லாம் பாடுது

ஆனா அந்தப் பிள்ளைங்க கையில இதை எப்படிக் குடுத்திருக்க பாரு:

```
Vazhai thopil kili onnu
vattam potu parakuthu
```

உனக்கு இது சரியாத்தான் படும், எனக்கும் படும், ஏன்னா நாம இங்கிலீஷ் எழுத்தைப் படிக்கவே இல்ல, அதைப் பார்த்ததும் ஏற்கெனவே தெரிஞ்ச தமிழ் வார்த்தை ஞாபகம் வருது, அவ்ளோதான். பொண்டாட்டிக்கு "saptiya"னு மெசேஜ் அனுப்புற எழுத்து இது. தமிழ் தெரிஞ்சவனுக்குத்தான் போதும். அந்தப் பிள்ளைங்களுக்கு ஞாபகம் வர்றதுக்கு உள்ள எதுவும் இல்லயே, கண்ணுல படுறதை இங்கிலீஷ் பழக்கத்துலதான் படிக்கும். potu-ன்னா அது "பொட்டூ"னு படிக்கும், "பாட்டு" "போட்டு" "பொட்டு" எதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? நீ அனுப்புன ரெக்கார்டிங்ல அந்தச் சின்னவ ரெண்டாவது வரியைப் பாடுனதைக் கேட்டு நான் சிரிச்சது உண்மை, ஆனா அவ பேர்ல ஒரு குத்தமும் இல்ல. ஷீட்ல இருக்குறதைத்தான் பாடுனா.

நம்ம புரொபசர் மச்சான் இதைப் பார்த்திருந்தா உடனே லெக்சிகன் முறையைத் தூக்கிட்டு வந்திருப்பான். சென்னைப் பல்கலைக்கழகம் 1924-லேருந்து 1936 வரைக்கும் ஆறு வால்யூமா போட்டுச்சே, அந்த அகராதியில தமிழை ரோமன் எழுத்துல எழுதுற முறை. 2001-ல வந்த ஐஎஸ்ஓ 15919-ங்கிற உலகத் தர முறையும் தமிழுக்குக் கிட்டத்தட்ட அதே வழிதான். ஒரு தமிழ் எழுத்துக்கு ஒரு ரோமன் எழுத்து, திருப்பித் தமிழ்ல எழுதுனா அட்சரம் பிசகாது. லைப்ரரி கேட்லாகுக்கு அருமை. ஆனா பாட்டுக்கு? பறக்குது அதுல paṟakkutu, குஞ்சு அதுல kuñcu. பிள்ளை "பரக்குட்டு"ன்னும் "குன்கு"ன்னும் பாடும். ஏன்னா அந்த முறை எழுத்தைத்தான் காப்பாத்துது, சத்தத்தை இல்ல. நம்ம எழுத்துல க, ச, ட, த, ப எல்லாம் ஒரே எழுத்து இடத்துக்கு ஏத்த மாதிரி சத்தம் மாறும்ல, வார்த்தை ஆரம்பத்துல பெரும்பாலும், இரட்டிச்சா எப்பவும் கெட்டியா வரும், மெல்லினத்துக்குப் பின்னாடி கொழகொழன்னு ஆகும், ரெண்டு உயிருக்கு நடுவுல இளகிடும். இது நமக்கு யாரும் சொல்லித் தரல, தானா வருது. பிள்ளைக்கு வராது. அதனால அந்த வேலையை நாமதான் ஷீட்லயே செஞ்சு குடுக்கணும்: குஞ்சுக்கு kunju, பாடுதுக்கு pādudhu.

ஆனா அந்த முறையிலேருந்து ரெண்டைத் திருடிக்கலாம்டா, முதல்ல மேல்கோடு. நெடிலுக்கு aa, ee, oo-னு நீ போட ஆரம்பிச்சா ஆ-வுக்கும் ஈ-க்கும் சரி, oo-வைப் பார்த்ததும் பிள்ளை ஊ-ன்னுதான் படிக்கும், அப்புறம் தோப்புல இருக்குற ஓ-வுக்கு எங்க போவ? ஏ-வுக்கு எங்க போவ? ae, oa-ன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு சட்டம் போடணும். அதுக்குப் பதிலா ā ī ū ē ō, மேல கோடு இருந்தா இழுத்துப் பாடு, இல்லன்னா இழுக்காத, சட்டம் முடிஞ்சுது. போன்ல எழுத்தை அமுக்கிப் பிடிச்சாலே வந்துடும்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன், இதுக்காகத்தான் இவ்ளோ எழுதுறேன். இரட்டிக்கிற மெய். இங்கிலீஷ்ல tt-ன்னு ரெண்டு போட்டாலும் ஒண்ணு போட்டாலும் சத்தம் ஒண்ணுதான், letter-ல நாக்கு அங்க நிக்கிறது இல்ல. நமக்கு அங்க நாக்கு நிக்கணும். வட்டம்னு பாடிப் பாரு, "வட்"டோட மூச்சு அடைபடுது, ஒரு நொடி சத்தமே இல்ல, அப்புறம்தான் "டம்" திறக்குது. அந்த அடைப்பும் தாளத்துக்குள்ளதான் இருக்கு. "வ" குறில், ஒரு மாத்திரைதான், ட் வந்து அடைச்சாத்தான் அந்த அசை நெடில் மாதிரி கனமா நிக்கும். பிள்ளை அடைக்கலன்னா ஸ்வரத்துக்கு இடம் மிச்சம் ஆகுது, மிச்ச இடத்தை நிரப்ப என்ன செய்யும், "வ"வை இழுக்கும். வட்டம் வாடம் ஆயிடுது. உன் ரெக்கார்டிங்ல சரியா இதுதான் நடந்திருக்கு, மறுபடி கேளு.

அதுலயும் நீ ஸ்வரத்துக்குக் கீழ வார்த்தையைப் பிரிச்சுப் போட்டிருக்க பாரு, va-ttam, po-tu-ன்னு. அங்கதான் மாப்ள கோளாறு முத்துது. கோடு எங்க விழுதோ அங்கதான் பிள்ளை மூச்சை விடும். va-வுல பிரிச்சா வாயைத் திறந்தபடி அந்த ஸ்வரம் பூரா இழுக்கும். vat-tam-னு பிரிச்சுப் பாரு, t கண்ணுக்கு முன்னாடி நிக்குது, தானா அடைக்கும். வேற ஒண்ணுமே சொல்லித் தர வேணாம். நாலு வரியையும் அப்படிப் பிரிச்சுட்டேன்:

```
vā-zhaith thōp-pil ki-ḷi oṇ-ṇu
vat-tam pōt-tup pa-rak-ku-dhu
ō-laik kūt-til kun-ju mū-ṇu
ū-ruk-kel-lām pā-du-dhu
```

போட்டுப்-புல இருக்குற ப், வாழைத்-துல இருக்குற த், ஓலைக்-குல இருக்குற க், மூணையும் நீ விட்டுட்ட. இலக்கண வாத்தியாருக்குப் பயந்து நான் சேர்க்கல, ஒலிபெருக்கி சார் காதுக்கு இது எட்டாது. பாடுறப்ப அது கேக்குதுடா. அதுவும் அதே அடைப்புதான், ஆனா ரெண்டு வார்த்தைக்கு நடுவுல.

ரெண்டாவது திருட்டு கீழ்ப்புள்ளி, அது போட்டா நாக்கை மடக்கணும்னு ஒரே சட்டம், ḷ-க்கும் ṇ-க்கும். பெரிய L போடலாம்னு நீ சொல்லுவ, வேணாம், வார்த்தை நடுவுல பெரிய எழுத்தைப் பார்த்தா பிள்ளைங்க அங்க சத்தமா கத்தும். ட-வுக்கு வெறும் t, d போதும், அவங்க t நம்ம ட அளவுக்கு மடங்காது, பரவாயில்ல, த-வோட குழம்பாம இருந்தா போதும். த-வுக்குத்தான் th, dh. அதுலயும் think-ல வர்ற மாதிரி பல்லிடுக்குல காத்து விடுவாங்க, "th, dh-ன்னா நாக்கு பல்லைத் தொடணும், காத்து வெளிய வரக்கூடாது"ன்னு ஒரு தடவை சொல்லி வாயைக் காட்டிடு. ai-யை rain மாதிரி படிப்பாங்க, அதுக்கும் ஒரு வார்த்தை, I-ன்னு சொல்ற மாதிரி ஆனா சட்டுன்னு முடி.

எழுத்தால முடியாதது ரெண்டு இருக்கு. ஒண்ணு ழ. zh-ன்னு போட்டா z வரும், l-னு போட்டா ல வரும், புரொபசரோட கீழ்க்கோடு போட்டாலும் அடியில கோடு விழுந்த l-ஆத்தான் தெரியும். நான் zh-லயே விட்டுட்டேன், எல்லா இடத்துலயும் அவங்க அதைத்தான் பார்க்கப் போறாங்க. ஆனா பாடுறதுக்கு முன்னாடியே காதால குடுத்துடணும். இதுல ஒரு சந்தோஷமான விஷயம் என்னன்னா, அமெரிக்கக்காரன் மாதிரி r சொல்ற பிள்ளைக்கு ழ பாதி வந்த மாதிரி, அந்த r-ல நாக்கு எங்கயும் ஒட்டுறது இல்லல, அதையே இன்னும் கொஞ்சம் பின்னாடி மடக்கச் சொன்னா போதும். நம்ம ஊர்ல வாளப்பழம்னு சொல்ற உன்னை விட சீக்கிரம் கத்துக்கும்.

இன்னொண்ணு குற்றியலுகரம். குஞ்சுவை மட்டும் எடுத்துக்கோ, அதுலயே ரெண்டு உ இருக்கு. முதல் கு-வுல உதடு குவியுது, கடைசி சு-வுல குவியல, பாதி உ தான். ஷீட்ல ரெண்டும் u. பிள்ளை ரெண்டையும் குவிச்சு "குஞ்சூ"ன்னு பாடும். பறக்குது, பாடுது ரெண்டும் வரிக் கடைசியில வேற நிக்குது, அங்க ராகத்தை நீட்டி வச்சிருக்க நீ, "தூஊஊ"ன்னு ரயில் கிளம்புற மாதிரி இருக்கும். தனியா ஒரு எழுத்து கண்டுபிடிக்கலாமான்னு யோசிச்சேன், சின்ன u-வா மேல தூக்கிப் போடலாம், ஆனா பிள்ளைங்க அதை ஸ்வரக் குறின்னு நினைச்சுக்கும். உதட்டைக் குவிக்காம பாடுன்னு வாயால சொல்றதுதான் வழி. முடிஞ்சா பாடுதுல அந்த நீட்டலை நெடிலா இருக்குற "பா"வுல இறக்கிடேன், மெட்டு உன்னோடதுதானே.

இனிமே நீ செய்ய வேண்டியது. பாட்டை இதுவரைக்கும் கேக்காத ஒரு பிள்ளைகிட்ட இந்த ஷீட்டைக் குடு, மெட்டு சொல்லாத, சும்மா படிக்கச் சொல்லு. பக்கத்து ரூம்ல உங்க அம்மாவை உக்கார வச்சு, காதுல விழுறதைத் தமிழ்ல எழுதித் தரச் சொல்லு, பாட்டு வரி என்னன்னு அவங்களுக்கும் சொல்லிடாத. அவங்க "வட்டம்"னு எழுதுனா ஷீட் பாஸ், "வாடம்"னு எழுதுனா நான் மறுபடி உக்காருறேன். மெட்டைச் சொல்லிக் குடுத்த பிறகு சோதிச்சா பிரயோஜனம் இல்ல, காதை வச்சு சமாளிச்சுடுவாங்க, எழுத்து எங்க சொதப்புதுன்னு தெரியவே தெரியாது. மூணாவது வரியை மறக்காம ரெக்கார்ட் பண்ணு, எனக்கு சந்தேகமே அந்த குஞ்சு மேலதான்.

அம்மா எழுதுன தாளை அப்படியே போட்டோ எடுத்து அனுப்பு, நீ திருத்தி அனுப்பாத, உன்னைத் தெரியும் எனக்கு.

உன்
பழைய பெஞ்ச் பார்ட்னர்