கானோவிலிருந்து திரும்பிய பிறகு 28 நாள்

அன்புள்ள செந்திலுக்கு,

ஏப்ரல் 9-ஆம் தேதி நைஜீரியாவுக்குக் கிளம்புகிறாய், கானோ டேனரியில் வேலை முடித்து 24-ஆம் தேதி அங்கிருந்து புறப்படுகிறாய் என்று அம்மா சொன்னாள். மலேரியா வராமல் இருக்க டாக்டர் எழுதிக்கொடுத்த டாக்ஸிசைக்ளினில் 20 மாத்திரை வாங்கியிருக்கிறாயாம். அது போதாதுப்பா, 45 வேண்டும்.

8-ஆம் தேதியே தொடங்கு. தினமும் 100 மில்லிகிராம் ஒன்று. 24 வரை 17 ஆகும். அப்புறம் ஊருக்கு வந்து மே 22 வரை இன்னும் 28.

ஊருக்கு வந்த பிறகு எதற்கு என்று நானும் கேட்டவன்தான். கொசு கடித்ததும் கிருமி முதலில் ஈரலுக்குப் போய் ஒரு வாரம் போலப் பதுங்கிப் பெருகுகிறது. பிறகுதான் ரத்தத்தில் இறங்குகிறது. டாக்ஸிசைக்ளின் ரத்தத்தில் இறங்கியதைத்தான் அடிக்கும். கடைசி ராத்திரி கடித்த கொசுவின் கிருமி நீ வீட்டில் இருக்கும்போதுதான் வெளியே வரும். அப்போது மாத்திரை உடம்பில் இருக்க வேண்டும்.

2003-இல் நான் கானோ போய்வந்து ஒரு வாரத்தில் நிறுத்திவிட்டேன். ராணிப்பேட்டையில் பதினாறாம் நாள் குளிர்ஜுரம் வந்தது. முதலில் பார்த்த கிளினிக்கில் வைரல் காய்ச்சல் என்றார்கள். வெளிநாடு போனதை நானும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து ரத்தப் பரிசோதனையில் ஃபால்சிபாரம் என்கிற கொடிய மலேரியா என்று தெரிந்தது. அதற்குள் எழுந்து நிற்க முடியாமல் போயிருந்தேன்.

உனக்கு நெஞ்செரிச்சல் உண்டே, அதுதான் என் கவலை. இந்த மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கிவிடும். சாப்பாட்டோடு ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் குடித்து விழுங்கு, ஒரு மணி நேரம் படுக்காதே. பாலோடும் ஆன்டாசிடோடும் சேர்த்துப் போடாதே, மருந்து சரியாக ஏறாது. வெயில் பட்டால் தோல் சீக்கிரம் கன்றிப்போகும். நீ திரும்பி வந்து மாத்திரை போடும் நாட்களிலேயே கத்திரி வெயிலும் தொடங்கிவிடும். முழுக்கைச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே.

நெஞ்சு ஒத்துக்கொள்ளாது என்று தோன்றினால், அட்டோவகோன்-புரோகுவானில் என்கிற மாத்திரை கிடைக்குமா என்று டாக்டரிடம் இப்போதே கேள். விலை கூடுதல், வயிற்றுவலி, தலைவலி வரலாம். ஆனால் அது ஈரலில் இருப்பதையும் அடிப்பதால், திரும்பிய பிறகு 7 நாள் போதும். உனக்கு மொத்தம் 24 மாத்திரை. வாரம் ஒன்று போடுகிற மெஃப்ளோகுவின் வேண்டாம். அதை இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்க வேண்டும், சிலருக்குக் கெட்ட கனவும் மனச்சோர்வும் தருகிறது.

எந்த மாத்திரையும் முழுக் காவல் இல்லை. ராத்திரி கொசுவலை கட்டிக்கொள். வந்த மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் அடித்தால், டாக்டரிடம் முதல் வார்த்தையாக நைஜீரியா போய்வந்தேன் என்று சொல். அன்றைக்கே மலேரியா டெஸ்ட் எடு. இல்லை என்று வந்தும் காய்ச்சல் நிற்கவில்லையென்றால் மறுநாள் திரும்ப எடு.

மீதி 25 மாத்திரையை இந்த வாரமே வாங்கிவிடு.

அன்புடன்
அப்பா