பழைய சிம்மை அன்றே கழற்ற வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளிகொண்டாவில் தனியாக இருக்கும் என் அம்மாவுக்கு வீட்டுக்குள் சிக்னலே கிடைப்பதில்லை. நம்பரை மாற்றாமல் கம்பெனியை மட்டும் மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தோம். PORT என்று அடித்து, ஓர் இடம் விட்டு அவருடைய 10 இலக்க எண்ணைச் சேர்த்து 1900-க்கு அனுப்பினேன். சற்று நேரத்தில் எட்டு எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீடு வந்தது. நம் மாநிலத்தில் அது நான்கு நாள்தான் செல்லும். சனிக்கிழமை மாலை வேலூரில் ஒரு கடையில் அதைக் காட்டி, ஆதாரையும் கொடுத்துப் புது சிம்மை வாங்கினோம். "மூணு நாள்ல ஆயிடும்மா" என்றார் கடைக்காரர். அவ்வளவுதான் சொன்னார்.

பேருந்திலேயே அம்மா பழைய சிம்மைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போட்டுக்கொண்டார். அப்புறம் செவ்வாய்க்கிழமை காலைவரை போன் ஊமை. நான் அடித்தால் சுவிட்ச் ஆஃப். பயந்துபோய் ஊருக்குக் கிளம்பினேன். பழைய சிம் அஞ்சறைப் பெட்டியில், கடுகுக்குப் பக்கத்தில் கிடந்தது. அதைப் போட்டதும் டவர் வந்தது. கூடவே, என்றைக்கு மாற்றப்போகிறோம் என்று சொல்லும் குறுஞ்செய்தியும் வந்து விழுந்தது.

மூன்று நாள் என்பது மூன்று வேலை நாள். ஞாயிறு கணக்கில் வராது. வேறு மாநிலத்து எண் என்றால் ஐந்து வேலை நாள். அதுவரை நம்பர் பழைய கம்பெனியிடம்தான் இருக்கும், பழைய சிம்தான் பேசும். மாறும் நேரம் பெரும்பாலும் இரவில் சில மணி நேரம்தான். அந்த நேரத்தில் இரண்டு சிம்மிலும் பேச முடியாது. பழையதில் டவர் கோடு மறைந்து, ரீஸ்டார்ட் செய்தும் திரும்பவில்லை என்றால்தான் புதியதைப் போட வேண்டும். அம்மாவுக்குச் செவ்வாய் இரவு கோடு மறைந்தது. புதன் விடிந்ததும் புது சிம்மில் பேசினோம்.

அன்று காலை என் அழைப்பு போனது. வேறு கம்பெனி வைத்திருக்கும் என் தங்கையின் அழைப்பு மதியம்வரை போகவில்லை. வங்கி ஓடிபியும் தாமதமாகத்தான் வந்தது. இந்த நம்பர் இப்போது யாரிடம் இருக்கிறது என்ற பதிவு எல்லாக் கம்பெனிகளுக்கும் போய்ச் சேர்ந்தால்தான் அழைப்பு சரியான இடத்துக்குத் திரும்பும். ஆகவே பென்ஷன், ஆஸ்பத்திரி முன்பதிவு போன்ற வேலை இருக்கும் நாளில் இதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று, ரீசார்ஜில் பாக்கியிருந்த நாள்கள் எங்களுக்குப் போய்விட்டன. அவை புதுக் கம்பெனிக்கு வராது. கடைசி நாள்களில் மாறியிருக்கலாம், என் தப்புதான்.

கடைக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். சிம் கவரின் மேல் பேனாவால் "டவர் போகும்வரை பழைய சிம்" என்று எழுதிக் கொடுங்கள்.

ஒரு வாசகர்,
வேலூர்.