கதிர்காமம் போகும் வான் சாரதிகளுக்கும் உரிமையாளர்களுக்கும்: அவசர ஓரம் பற்றி ஒரு திறந்த மடல்

அன்புள்ள சாரதி அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும், வான் உரிமையாளர்களுக்கும் வணக்கம்.

கொழும்பில் இருந்து கதிர்காமத்துக்கு ஆட்களை ஏற்றிப் போகும் உங்களில் பெரும்பாலானோர் இப்போது கொட்டாவையில் ஏறி மத்தல வரை தெற்கு அதிவேகப் பாதையிலேயே ஓடுகிறீர்கள். ஓடுகிற நேரத்தைப் பற்றி அல்ல, நிற்கிற நேரத்தைப் பற்றித்தான் எழுத வந்தோம். இந்தப் பாதையில் இடது பக்கம் கோட்டுக்கு அப்பால் இருக்கும் அந்த ஓரம் பாதுகாப்பான இடம் என்ற எண்ணம் நம் ஆட்களிடம் ஆழமாக இருக்கிறது. அது உண்மையில்லை.

நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 28 மீட்டர் கடக்கிறது. ஓரத்தில் நிற்கும் உங்கள் வானுக்கும் அதற்கும் நடுவில் இருப்பது ஒரு வெள்ளைக் கோடு மட்டும்தான். தூக்கக் கலக்கத்தில் ஓட்டுபவரின் கண் எங்கே நிலைக்கிறதோ, கை வாகனத்தை அங்கேயே கொண்டுபோகும். இரவில் மின்னிக்கொண்டிருக்கும் பின்விளக்கு அப்படிப்பட்ட கண்ணை இழுக்கும். விடியற்காலையில் ஓரத்தில் நிறுத்திக் கண்ணயர்வது அதனால்தான் ஆபத்து. தூக்கம் வந்தால் அடுத்த வாயிலில் இறங்கிவிடுங்கள். குழந்தை வாந்தி எடுத்தாலும், யாருக்காவது சிறுநீர் முட்டினாலும் அதே பதில்தான். இறங்கி ஏறினால் கட்டணம் சற்றுக் கூடும் என்பது தெரியும். அதைப் பயணம் பேசும்போதே சேர்த்துப் பேசிவிடலாம். போகும்போது வெலிப்பென்ன ஓய்விடத்தில் எல்லாரையும் இறக்கி ஏற்றுங்கள். "எனக்கு வேண்டாம்" என்பவரையும் இறக்குங்கள். பின்னதூவவைத் தாண்டியதும் கேட்கப்போவது அவர்தான்.

உண்மையாகவே நிற்க வேண்டி வந்தால் என்ன செய்வது? ஒன்றை எடுத்துப் பார்ப்போம். பன்னிரண்டு பேருடன் திரும்பி வரும் ஹயேஸ் வான், பத்தேகமவைத் தாண்டி கொட்டாவைப் பக்கம் போகிறது. இரவு ஒன்பது மணி, வேகம் 95. பின் இடது டயர் வெடிக்கிறது.

கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். போக விடாதீர்கள். பின் டயர் வெடித்த வானை அழுத்திப் பிடித்தால் பின்பக்கம் சுழன்றுவிடும். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலேட்டரில் இருந்து காலை மெதுவாக எடுங்கள். வேகம் தானாக இறங்க விட்டு, இடது சிக்னல் போட்டு, நன்றாக மெதுவான பிறகு ஓரத்துக்கு எடுங்கள். வளைவிலோ பாலத்திலோ நிற்க வேண்டாம். இன்னும் இருநூறு மீட்டர் உருட்டினால் நேரான இடம் வரும் என்றால் உருட்டுங்கள். ரிம் கெட்டுப்போனால் வாங்கலாம். முடிந்த அளவு இடப்பக்கம் ஒட்டி நிறுத்தி, முன் சக்கரத்தை இடப்பக்கம் திருப்பி விடுங்கள். பின்னால் யாராவது மோதினாலும் வான் ஓடும் பாதைக்குள் தள்ளப்படாது. நான்கு சிக்னலும் உள்விளக்கும் எரியட்டும்.

அடுத்து ஆட்கள். எல்லாரும் இடது கதவால் இறங்க வேண்டும். சாரதியும் முன் இருக்கையில் நகர்ந்து இடப்பக்கமாகவே இறங்குங்கள். வலது கதவைத் திறந்தால் நீங்கள் கால் வைப்பது வாகனம் ஓடும் தடத்தின் விளிம்பில். பயணிகளை வானுக்குள் இருக்க வைப்பதுதான் நாங்கள் அதிகம் காணும் பிழை. வெளியே இருட்டு, உள்ளே பாதுகாப்பு என்று நினைக்கிறோம். மோதல் நடந்தால் முதலில் நசுங்குவது பின் இருக்கைதான். இரும்புத் தடுப்புக்கு அப்பால் அவர்களை அழைத்துப் போங்கள். வானுக்கு நேராகவோ அதற்கு முன்னாலோ நிறுத்த வேண்டாம். வாகனங்கள் வரும் திசையில், வானில் இருந்து பின்னால் சற்றுத் தள்ளி நிறுத்துங்கள். மோதப்பட்ட வான் முன்னோக்கித்தான் பாயும். தடுப்பைத் தாண்டும் முன் அப்பால் தரை இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். இந்தப் பாதை பல இடங்களில் வயலுக்கு மேலே உயர்ந்த மண் அணையிலும் தூணிலும் போகிறது.

முக்கோணப் பலகையை நூறு மீட்டர் பின்னால் வைப்பது நல்லது, தடுப்புக்கு அப்பால் நடந்துபோக வழி இருந்தால் மட்டும். ஓரத்திலேயே இருட்டில் நடந்துபோய் வைக்க வேண்டிய நிலை என்றால் அதை விட்டுவிடுங்கள்.

இப்போது 1969-க்கு அழையுங்கள். அதிவேகப் பாதையின் அவசர இலக்கம் அது. மூன்று விஷயம் சொன்னால் போதும்: ஓரத்தில் இருக்கும் கிலோமீட்டர் கல்லின் எண், எந்தப் பக்கம் போகிறீர்கள், எத்தனை பேர். "பத்தேகம பக்கம்" என்று மட்டும் சொன்னால், ரோந்து வாகனம் எதிர்ப்பக்கத்தால் வந்து, அடுத்த வாயில் வரை போய்த் திரும்ப நேரிடலாம்.

பத்து நிமிடத்தில் டயரை நாமே மாற்றிவிடலாமே என்பீர்கள். வெடித்தது இடது டயர், அதனால் பயமில்லை என்றும் தோன்றும். ஆனால் ஹயேஸின் மாற்றுச் சக்கரம் பின்பக்க அடியில் தொங்குகிறது. அதை இறக்க வானுக்குப் பின்னால் முழங்காலில் இருக்க வேண்டும், வரும் வாகனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ரோந்து வாகனம் வந்து பின்னால் விளக்கோடு நின்ற பிறகு செய்யுங்கள். வலது டயர் என்றால் நீங்களாகத் தொடவே வேண்டாம்.

டயர் மாற்றியாயிற்று, கிளம்புகிறீர்கள். பலர் நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்து உள்ளே நுழைகிறார்கள். கணக்குப் பாருங்கள். நீங்கள் 20 வேகத்தில் நுழையும்போது 150 மீட்டர் பின்னால் 100-இல் ஒரு கார் வந்தால், அது குறைக்காவிட்டால் எட்டு விநாடியில் உங்களை எட்டிவிடும். ஆள் நிறைந்த வான் அதற்குள் 50-ஐத்தான் தொட்டிருக்கும். ஆகவே வலது சிக்னலைப் போட்டு, ஓரத்திலேயே நேராக ஓடி வேகம் எடுங்கள். ஏறக்குறைய 200 மீட்டரில் 70 வரும். கண்ணாடியிலும் தோளுக்கு மேலாகவும் பார்த்து, இடைவெளி கிடைத்த பின் இடது தடத்தில் சேருங்கள்.

வாயிலில் இருந்து ஏறும்போதும் இதே முறைதான். சேரும் தடம் வேகம் எடுப்பதற்காகப் போடப்பட்டது. அதில் ஊர்ந்து போய் முனையில் நின்றுவிட்டால், நின்ற இடத்தில் இருந்து 100-க்குள் பாய வேண்டி வரும். சேர்ந்தவுடன் வலது தடத்துக்குத் தாவாமல் இடது தடத்தில் நிலையுங்கள். வலது தடம் முந்துவதற்கு மட்டும், முந்தியதும் திரும்பிவிட வேண்டும். ஏற்கனவே இடது தடத்தில் ஓடுபவர், வலப்பக்கம் காலியாக இருந்தால் சேருபவருக்கு விலகிக் கொடுக்கலாம்.

உரிமையாளர்களிடம் தனியாகக் கேட்கிறோம். சாரதி எவ்வளவு கவனமாக இருந்தாலும் டயர் உங்கள் கையில். காற்றுக் குறைந்த டயர் நிறைந்த பாரத்தோடு நூறில் ஓடும்போது பக்கச்சுவர் வளைந்து வளைந்து சூடாகி வெடிக்கிறது. கிளம்பும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே, சாரதி கதவுப் பக்க ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் காற்றுப் பாருங்கள். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தையும் படியுங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பூ நன்றாக இருந்தாலும் பழைய இறப்பர் வெடிக்கும். ரீபில்ட் டயரை ஊருக்குள் ஓடும் வாகனத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றுச் சக்கரத்துக்கும் காற்றுப் பாருங்கள். வருடக்கணக்காக இறக்காத சக்கரத்தின் சங்கிலி துருப்பிடித்து இறுகியிருக்கும். அது இறங்குகிறதா என்று இந்த வாரமே வீட்டு வாசலில் வைத்து ஒருமுறை இறக்கிப் பாருங்கள். ஜாக், டோர்ச், ஒளிரும் மேலங்கி இரண்டு ஆகியவற்றை, பயணப் பைகளுக்கு அடியில் போகாதபடி முன் இருக்கைப் பக்கம் வையுங்கள். 1969 என்ற இலக்கத்தைப் பயணிகளும் பார்க்கும் இடத்தில் ஒட்டிவிடுங்கள், சாரதிக்கு அடிபட்டால் அழைக்கப்போவது அவர்கள்தான்.