மாட்டுக் கொட்டிலுக்கு எந்தக் கூரை? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பங்குனி பிறந்ததும் மாட்டுக் கொட்டிலுக்குக் கூரை மாற்ற வருபவர்கள் கூடிவிடுகிறார்கள். "எது கனகாலம் நிற்கும்?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். பால் மாட்டுக்கு இன்னொன்றையும் கேட்க வேண்டும்: மத்தியானம் இரண்டு மணிக்கு அந்தக் கூரையின் அடிப்பக்கம் எவ்வளவு கொதிக்கும்? மாடு நிழலில்தான் நிற்கும். ஆனால் சூடேறிய கூரை மேலிருந்து அதன் முதுகில் வெக்கையை இறக்கிக்கொண்டே இருக்கும்.

நான்கு மாடு நிற்கும் கொட்டில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீளம் 20 அடி, அகலம் 12 அடி, இரு பக்கமும் சரிவு. தாழ்வாரம் இரண்டு அடி வெளியே வரவேண்டும், நீளப்பாட்டில் முனைக்கு ஒரு அடி. கிடையாக 12 அங்குலம் போக 7 அங்குலம் ஏறும் சரிவு என்றால், ஒரு பக்கம் 9¼ அடி வரும். மொத்தக் கூரை ஏறக்குறைய 407 சதுர அடி.

இதற்குக் கலிக்கட் ஓடு 600 அளவில் வேண்டும். உடைவும் இதற்குள் அடக்கம். எங்களைக் கேட்டால், மரம் தாங்குமென்றால் ஓடுதான். ஓட்டுக்கு ஓடு இடையில் உள்ள நீக்கலால் வெக்கை வெளியேறும். மண் ஓடு சூடேறவும் நேரம் எடுக்கும். ஆனால் பாரம் ஒரு தொன்னுக்கு மேல், மழையில் நனைந்தால் இன்னும் கூடும். தகரம் கிடந்த பழைய வளையின் மேல் ஓட்டை ஏற்றினால் முதல் மாரியிலேயே முகடு தொய்யும். தொய்ந்த இடத்தில் ஓடு வாய் திறந்து ஒழுகும். சலாகை அடிக்குமுன் இரண்டு ஓட்டைப் பொருத்திப் பார்த்து இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். எல்லாச் சூளை ஓடும் ஒரே அளவில்லை. தென்னைக்குக் கீழே ஓடும் வேண்டாம், சீமெந்துச் சீற்றும் வேண்டாம்.

சீமெந்துச் சீற் துருப்பிடிக்காது என்பதற்காகத்தான் பலர் கேட்கிறார்கள். அது உண்மை. ஆனால் இரண்டு மாரி கண்டதும் பாசி பிடித்துக் கறுத்து வெயிலை உறிஞ்சும். அடிப்பக்கமும் வெக்கையைத் தாராளமாக விடும். கோடைக்கு முன் மேலே சுண்ணாம்பு அடித்தால் வித்தியாசம் தெரியும். ஆணியை நேரே அடித்தால் கீறல் விழும். ஆகவே அலையின் உச்சியில், போல்ட்டைவிடச் சற்றுப் பெரிதாகத் துளைத்து, வாசர் போட்டு மெதுவாக முறுக்க வேண்டும். பழைய அஸ்பெஸ்டஸ் சீற்றைக் காய்ந்தபடி அறுக்கவோ உடைக்கவோ வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

கல்வனைஸ் தகரம் இதே கூரைக்கு 150 கிலோ அளவுதான் வரும். மெல்லிய மரமே போதும். புதிதில் மினுங்கும்போது வெயிலைத் திருப்பியனுப்பும், மங்கியதும் கொதிக்கும். கொட்டிலில் தகரம் அடியிலிருந்துதான் முதலில் கெடும். மூத்திர வாடை மேலெழும்பி, இரவில் குளிர்ந்த தகரத்தின் அடியில் ஈரத்தோடு படியும். கடற்கரைப் பக்கமென்றால் உப்புக் காற்றும் சேரும். மூத்திரக் கானுக்கு நேர் மேலேயும், தகரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்திலும், ஆணித் துளையைச் சுற்றியும் வெள்ளைத் தூள் பூத்தால் நாகப்பூச்சு கரைகிறது என்று அர்த்தம். செந்துரு வருமுன் கழுவிப் பூச்சடியுங்கள். முகட்டை அடைத்து மூடாமல் மூன்று அங்குலம் திறந்துவிட்டு, அதன் மேல் இரு பக்கமும் ஒரு அடி இறங்கும் மூடியை உயர்த்திப் போட்டால் வெக்கையும் வாடையும் சேர்ந்தே வெளியேறும். தாழ்வாரம் நிலத்திலிருந்து எட்டு அடிக்குக் குறையக் கூடாது.

குளிர்ச்சியில் கிடுகை எதுவும் வெல்லாது. ஆனால் அதற்கு நிமிர்ந்த சரிவு வேண்டும், 12க்கு 12. மேலே சொன்ன சரிவில் வேய்ந்தால் தண்ணீர் வடியாமல் ஊறி உக்கும். அநேகமாக வருடாவருடம் வேயவேண்டும், பனையோலை கொஞ்சம் கூட நிற்கும். நுளம்புக்குப் புகை போடுபவர்கள் கிடுகுக் கொட்டிலுக்குள் சட்டியை வைக்கவே கூடாது.

ஏற்கனவே தகரம் போட்டவர்கள் அதைக் கழற்றத் தேவையில்லை. தகரத்துக்கு மேல் மூன்று அங்குல உயரத்தில் பனஞ்சலாகைச் சட்டம் வைத்து, அதன் மேல் கிடுகைக் கட்டுங்கள். இடையில் காற்று ஓடவேண்டும், ஆணி வேண்டாம். சோளகக் காற்றுக்குக் குறுக்குக் கயிறு போடுங்கள். ஐப்பசி மழைக்கு முன் கிடுகை இறக்கிவிட வேண்டும். ஈரக் கிடுகு தகரத்தில் படிந்து கிடந்தால் துரு ஒரே மாரியில் பிடித்துவிடும்.

பலன் தெரிய வேண்டுமா? வெயில் நேரத்தில் படுத்திருக்கும் மாட்டின் விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 60ஐத் தாண்டினால் மாட்டுக்கு வெக்கை தாங்கவில்லை. கிடுகு கட்டிய பிறகு அதே நேரத்தில் மறுபடி எண்ணிப் பாருங்கள்.

கடைக்கு வரும்போது கொட்டிலின் நீள அகலம், முகட்டு உயரம், தாழ்வார உயரம், வளை மரத்தின் தடிப்பு, வளைக்கு வளை இடைவெளி ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு வாருங்கள். மரம் ஓட்டைத் தாங்குமா என்பதை அதை வைத்தே சொல்லிவிடுவோம்.

இங்ஙனம்,
கூரைப் பொருள் விற்பனைப் பகுதியினர்,
யாழ்ப்பாணம்.