நோய்க்கு முன் நலமான வயிற்றைக் காட்டுங்கள்: ஸ்கேன் பயிற்சி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையில் நாய்களுக்கும் பூனைகளுக்குமான வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பயிற்சி வகுப்புகளை நடத்தும் ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒருங்கிணைப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் பெரம்பூரில் சிறு கிளினிக் ஒன்றை நடத்திவரும் கால்நடை மருத்துவர். ஸ்கேன் கருவி வாங்கிய புதிதில் இரண்டு நாள் பயிற்சி ஒன்றில் கலந்துகொண்டேன். அந்த இரண்டு நாளும் திரையில் வந்தவை கட்டிகள், கற்கள், சீழ் கோத்த கருப்பை, நீர் நிறைந்த வயிறு ஆகியவையே. நலமான சிறுநீரகத்துக்கு ஒதுக்கப்பட்டது ஒரே ஒரு படம், அதுவும் அரை நிமிடம். அந்தக் குறையின் விலையை நான் கொடுக்கவில்லை, என்னிடம் வந்த ஒரு பூனை கொடுத்தது. அந்தக் கதையைச் சொல்லி, பயிற்சியின் வரிசையை மாற்றும்படி உங்களைக் கேட்டுக்கொள்ளவே இந்த மடல்.

அது கருத்தடை செய்யப்பட்ட ஆறு வயது ஆண் பூனை, எடை 5.6 கிலோ. இரண்டு முறை முடி உருண்டையோடு வாந்தி எடுத்தது என்று கொண்டுவந்தார்கள். வயிற்றில் வேறேதும் இருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன் செய்தேன். இரண்டு சிறுநீரகங்களின் வெளிப்பகுதியும், அதாவது கார்டெக்ஸ் எனப்படும் புறணி, கல்லீரலைவிட வெளுத்துத் தெரிந்தது. புறணி வெளுத்தால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்று பயிற்சியில் பார்த்த படம் மனத்தில் அப்படியே பதிந்திருந்தது. அறிக்கையில் அதையே எழுதி, சிறுநீரக நோய்க்கான சிறப்பு உணவையும் பரிந்துரைத்தேன். பூனைக்கு அந்த உணவு பிடிக்கவில்லை. நான்கு மாதத்தில் ஏறத்தாழ முக்கால் கிலோ இளைத்துவிட்டது. இளைத்ததையும் நோயின் போக்கு என்றே நான் எண்ணினேன்.

பிறகு மூத்த மருத்துவர் ஒருவரிடம் அந்தப் படங்களைக் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கும் முன் சிறுநீரின் அடர்த்தி எவ்வளவு என்று கேட்டார். நான் எடுக்கவே இல்லை. அன்றே எடுத்தபோது 1.048 இருந்தது, இரத்தத்தில் கிரியாட்டினின் 1.3 மில்லிகிராம். பூனையின் சிறுநீர் 1.035-க்கு மேல் செறிந்திருந்தால், நீரைச் சேமிக்கும் வேலையைச் சிறுநீரகம் ஒழுங்காகச் செய்கிறது என்று பொருள். அதன் பின்னரே அவர் படத்துக்கு வந்தார். நீளம் 4.0, 4.1 சென்டிமீட்டர், பூனைக்கு ஏறத்தாழ 3-க்கும் 4.3-க்கும் இடையில் இருப்பது இயல்பு. விளிம்பு வழவழவென்று இருந்தது. புறணிக்கும் உள்ளே இருக்கும் அகணிக்கும் நடுவில் கோடு போட்டதுபோல் எல்லை தெளிவாகத் தெரிந்தது. வெளுப்பைத் தவிர எதுவுமே நோயைச் சொல்லவில்லை.

அந்த வெளுப்புக்குக் காரணம் கொழுப்பு. பூனையின் சிறுநீரகப் புறணியில் உள்ள நுண்குழாய்களின் செல்கள் இயல்பாகவே கொழுப்புத் துளிகளைச் சேர்த்து வைத்திருக்கும். ஆண் பூனைகளில், குறிப்பாகக் கருத்தடை செய்யப்பட்டு உடல் பருத்தவற்றில், இது கூடுதலாகத் தெரியும். ஆகவே பூனையின் புறணி கல்லீரலுக்கு நிகராகவோ அதைவிட வெளுத்தோ இருந்தால், அது மட்டுமே நோய் ஆகாது. நாயில் கணக்கு வேறு. அங்கே அகணி மிகக் கருமை, அதைவிடச் சற்று வெளுத்தது புறணி, அதற்கு நிகராகவோ சற்று மேலாகவோ கல்லீரல், அதற்கும் மேல் மண்ணீரல் என்று ஒரு வரிசை உண்டு. நான் நாயின் வரிசையைப் பூனையின் மேல் வைத்துப் படித்துவிட்டேன். இதற்கு எதிர்ப்புறமும் ஒன்று உண்டு: லில்லிச் செடியைத் தின்ற பூனையிலும் புறணி வெளுக்கக்கூடும். எனவே வெளுப்பைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் சரியல்ல. வரலாறு, இரத்தம், சிறுநீர் ஆகியவற்றோடு சேர்த்தே அதை எடைபோட வேண்டும். எனக்குக் குறையாக இருந்தது அந்த எடைக்கல், அதாவது நலமான பூனைகளில் இந்த வெளுப்பு எவ்வளவு தூரம் போகலாம் என்ற பழக்கம்.

இந்த வரிசையைக் கற்பிக்கும்போது கூடவே சொல்ல வேண்டிய ஒன்று, பெரும்பாலும் விட்டுப்போகிறது. ஓர் உறுப்பை இன்னொன்றோடு ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டும் ஒரே படத்தில், ஒரே ஆழத்தில், ஒரே கெயினில், அதாவது படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரே அமைப்பில், இருக்க வேண்டும். கல்லீரலை ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு படமும், ப்ரோபுக்கு ஒட்டினாற்போல் கிடக்கும் சிறுநீரகத்தை இன்னொரு படமும் எடுத்துவிட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த ஒப்பீட்டுக்கு மதிப்பே இல்லை. நாயில் இயற்கையே வசதி செய்து தந்திருக்கிறது. வலது சிறுநீரகத்தின் முன்முனை கல்லீரலின் காடேட் மடலில் பதிந்து கிடப்பதால், வலது பக்கக் கடைசி விலா எலும்புகளின் இடைவெளியில் ப்ரோபை வைத்தால் இரண்டும் ஒரே சட்டத்துக்குள் வந்துவிடும். இடப்பக்கத்தில் மண்ணீரலின் வழியாகவே இடது சிறுநீரகத்தைப் பார்க்கலாம்.

கெயின் சரியாக இருக்கிறதா என்பதற்கு நான் இப்போது ஒவ்வொரு முறையும் செய்யும் சோதனை எளிது. முதலில் சிறுநீர்ப்பையையும் வயிற்றுப் பெருந்தமனியையும் பார்த்துக்கொள்வேன். அவற்றின் உள்ளே இருக்கும் நீரும் இரத்தமும் கருப்பாகத் தெரிய வேண்டும். சாம்பலாகத் தெரிந்தால் கெயின் கூடிவிட்டது. அந்த நிலையில் எல்லா உறுப்புமே வெளுத்துத்தான் தோன்றும். பித்தப்பையை இதற்கு நம்ப முடியாது, நலமான நாய்களிலும் அதில் வண்டல் தங்குவது உண்டு.

அகணியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். புதியவர் செய்யும் பிழைகளில் நான் அடிக்கடி பார்ப்பது இது: கருத்துக் கிடக்கும் அகணியை நீர் என்று எடுத்துக்கொண்டு, சிறுநீரகத்தில் நீர் தேங்கியிருக்கிறது என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையான நீருக்குப் பின்புறம் திசு பளிச்சென்று வெளுத்துத் தெரியும், ஏனென்றால் ஒலி நீரில் வலு குறையாமல் கடந்து போகிறது. அகணிக்குப் பின்னால் அப்படி ஒரு வெளுப்பு வராது. மேலும் அகணி ஒரே குளமாக இருக்காது. நடுவே ஓடும் வெளிர்க்கோடுகள் அதைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டும். கலர் டாப்ளரைப் போட்டால் புறணிக்கும் அகணிக்கும் இடையே வளைந்தோடும் இரத்தக் குழாய்கள் மின்னும். இதைச் சொல்லிக்கொடுக்க இரண்டு நிமிடம் போதும். ஆனால் மாணவரின் கண்ணுக்குப் பழக, கருத்த அகணியை அவரே பத்து, இருபது நலமான நாய்களில் பார்த்திருக்க வேண்டும்.

நலமான நாய்களுக்கு எங்கே போவது என்று நீங்கள் கேட்கலாம். அவை நம் கிளினிக்குகளுக்குத் தினமும் காலையில் வருகின்றன. கருத்தடை அறுவைக்கு வரும் பெண் நாயும் பூனையும் உணவு கொடுக்காமல் கொண்டுவரப்படுகின்றன. வயிற்று முடியையும் எப்படியும் மழிக்கத்தான் போகிறோம். ஸ்கேனுக்கு வேண்டிய ஆயத்தம் இவ்விரண்டே. முடியைச் சற்று முன்னதாக, மார்பெலும்பின் நுனி வரை மழித்து, மெத்தை விரித்த தொட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்து, உரிமையாளரிடம் ஒப்புதல் பெற்றுக்கொண்டால், மயக்கத்துக்கு முன் பத்து நிமிடம் கிடைத்துவிடும். வேலை நாளில் மூன்று விலங்கு வந்தால், ஒரு மாதத்தில் மாணவர் ஒருவர் அறுபதுக்குக் குறையாத நலமான வயிறுகளைப் பார்த்துவிடலாம்.

இதில் ஓர் ஒழுங்கு கட்டாயம். முன்மயக்க ஊசிக்கு முன்பே ஸ்கேன் முடிந்துவிட வேண்டும். அசிப்ரோமசின் போட்ட நாயின் மண்ணீரல் பருத்துவிடும். சைலசின் போட்டால் இரைப்பையில் காற்று சேரக்கூடும். ஊசிக்குப் பின் பார்த்துப் பழகியவர் அந்தப் பருமனையே இயல்பென்று மனத்தில் ஏற்றிக்கொள்வார். சென்னையின் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். மே மாதத்தில் ஆட்டோவில் வந்து இறங்கி மூச்சிரைக்கும் நாய் காற்றை விழுங்கிக்கொண்டே இருக்கும். அந்தக் காற்று ஒலியை மறித்து, அதற்குப் பின்னால் உள்ளதையெல்லாம் மறைத்துவிடும். மின்விசிறியின் கீழ் அரை மணி நேரம் இளைப்பாறிய பிறகு அதே நாயைப் பார்த்தால், முன்பு தெரியாத உறுப்புகள் தெரியத் தொடங்குவதை நானே பலமுறை கண்டிருக்கிறேன்.

இந்த வழிக்கு ஒரு வரம்பும் உண்டு. கருத்தடைக்கு வருபவை பெரும்பாலும் இளம் வயதினவை. சில மாதக் குட்டிகளின் வயிற்றில் சிறிதளவு நீர் இருப்பதும், குடலைத் தாங்கும் சவ்வின் நிணநீர்க் கணுக்கள் சற்றுப் பருத்துத் தெரிவதும் இயல்பே. அதே அளவு நீரை வயது வந்த நாயில் கண்டால் காரணம் தேட வேண்டும். ஆகவே பல் சுத்தம் செய்ய வரும் வயதான நாய்களையும், ஆண்டுப் பரிசோதனைக்கு வரும் பூனைகளையும் சேர்த்துக்கொள்வது நல்லது. வயதான நாய்களில் மண்ணீரலின் சிரையை ஒட்டிச் சிறு வெள்ளைப் புள்ளிகள் அடிக்கடி தென்படும். அவை பெரும்பாலும் தீங்கற்ற கொழுப்புத் திட்டுகள். புதியவர் அவற்றைக் கட்டி என்று எழுதிவிட்டால், குடும்பம் ஒன்று தேவையின்றி இரவெல்லாம் தூங்காமல் கிடக்கும்.

உங்களிடம் நான் கேட்பவை மூன்று. முதல் நாள் முழுவதும் நோயின் படம் ஒன்றுகூடக் காட்டாமல், நலமான விலங்குகளின் மேல் மாணவர்களே ப்ரோபை வைக்கும்படி வகுப்பை அமையுங்கள். நலமான வயிறுகள் ஐம்பதைப் பார்த்துக் குறித்த ஏட்டைக் காட்டிய பிறகே சான்றிதழ் கொடுங்கள். அடுத்தது, அந்த ஏட்டில் நோயின் பெயரை எழுத இடமே வைக்காதீர்கள். நீளம், விளிம்பு, உள் எல்லை, எந்த உறுப்போடு எந்த ஆழத்தில் ஒப்பிட்டார் என்பவை மட்டும் எழுதப்படட்டும். அன்று என் அறிக்கையில் ‘நீளம் 4.0, விளிம்பு சீர், எல்லை தெளிவு, புறணி கல்லீரலைவிட வெளிர்’ என்று மட்டும் எழுதியிருந்தால், அதைப் படித்த யாரும் அந்தப் பூனைக்கு உணவை மாற்றியிருக்க மாட்டார்கள்.

அந்தப் பூனை பழைய உணவுக்குத் திரும்பி, இழந்த எடையை மீண்டும் பெற்றுவிட்டது. ஆண்டுக்கொரு முறை வருகிறது. அதன் உரிமையாளரின் அனுமதியோடு, புதிதாக ஸ்கேன் கற்க வருபவர்களுக்கு அதன் சிறுநீரகத்தை நானே காட்டுகிறேன். என் கிளினிக்கில் செவ்வாயும் வெள்ளியும் காலை எட்டு மணிக்குக் கருத்தடை அறுவைகள் தொடங்குகின்றன. உங்கள் மாணவர்களை இருவர் இருவராக ஏழு மணிக்கு அனுப்பிவைத்தால், கருவியும் மேசையும் ஜெல்லும் அவர்களுக்காகத் தயாராக இருக்கும்.

இப்படிக்கு,
பெரம்பூரிலிருந்து ஒரு கால்நடை மருத்துவர்