கிணற்றுத் தவளையும் இரண்டு மரங்களும்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு வணக்கம்.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு வாரங்களாக அட்டையும் வண்ணப் பேனாவுமாக அலைவதைக் கவனித்திருப்பீர்கள். சமூக அறிவியல் கண்காட்சியில் அவர்களுக்குக் கிடைத்த நாடு ஜப்பான். அந்த நாட்டுப் பழமொழிகளில் விலங்கு, மரம், மழை என இயற்கை வருபவற்றைத் தேர்ந்தெடுத்து எழுதுகிறார்கள். முதல் தொகுதி அட்டைகள் என் மேசைக்கு வந்தன. படங்கள் அழகு. ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் கீழே ‘நீதி: விடாமுயற்சி’, ‘நீதி: பணிவு’, ‘நீதி: பொறுமை’ என்று ஒரே ஒரு சொல் இருந்தது. தவளை ஏன் தவளையாக இருக்கிறது, மரம் ஏன் அந்த மரமாக இருக்கிறது என்று ஓர் அட்டையும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வீட்டில் சில முகங்கள் வாடியிருந்தால் அதற்குக் காரணம் நான்தான். ஏன் அப்படிச் செய்தேன் என்பதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

தவளையிலிருந்து தொடங்குகிறேன். ‘இ நோ நாகா நோ கவாசு, தைகாய் ஓ ஷிராசு.’ கிணற்றுக்குள் இருக்கும் தவளை பெருங்கடலை அறியாது என்பது பொருள். நம் வீடுகளிலும் புழங்கும் உவமை என்பதால் பிள்ளைகள் இதை ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். ஒரு மாணவி மட்டும் இரண்டு அட்டைகளோடு வந்து நின்றாள். ஒன்றில் ‘கடலை அறியாது’ என்று முடிகிறது. இன்னொன்றில் ‘ஆனால் வானத்தின் நீலத்தை அறியும்’ என்று ஒரு வால் நீள்கிறது. “எது சரி, ஐயா?” என்றாள். முதலாவது தவளையைத் திட்டுகிறது, இரண்டாவது பாராட்டுகிறது. இரண்டும் ஒரே பழமொழியாக எப்படி இருக்க முடியும் என்பது அவள் கேள்வி. நல்ல கேள்வி.

இந்தத் தவளை ஜப்பானில் பிறந்ததல்ல. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய சீன நூலான சுவாங்சியில், ‘இலையுதிர்கால வெள்ளம்’ என்ற அத்தியாயத்திலிருந்து வந்தது. அங்கே முதலில் பேசப்படுவது தவளையே அல்ல, ஓர் ஆறு. மழைவெள்ளம் சேர்ந்து மஞ்சள் ஆறு கரைபுரள்கிறது. எதிர்க்கரையில் நிற்பது மாடா குதிரையா என்று தெரியாத அளவு அகலம். உலகத்து அழகெல்லாம் தன்னிடமே இருக்கிறது என்று ஆற்றின் தேவன் பூரிக்கிறான். கிழக்கே ஓடிக் கடலை எட்டியதும் முகம் மாறுகிறது. அப்போது கடலின் தேவன் சொல்கிறான்: கிணற்றுத் தவளையிடம் கடலைப் பற்றிப் பேச முடியாது, அதன் இடம் அதைக் கட்டிப்போட்டிருக்கிறது, கோடையில் வாழும் பூச்சியிடம் பனிக்கட்டியைப் பற்றிப் பேச முடியாது, அதன் பருவம் அதைக் கட்டிப்போட்டிருக்கிறது. நீயோ கரைகளைத் தாண்டி வந்து உன் சிறுமையைக் கண்டுகொண்டாய், உன்னிடம் இனிப் பேசலாம் என்கிறான்.

இதில் தவளையை முட்டாள் என்று யாரும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். இடம் அப்படி, அவ்வளவுதான். அதே அத்தியாயத்தில் பின்னால் தவளை நேரிலேயே வருகிறது. இடிந்த கிணற்றின் விளிம்பில் குதிப்பேன், உடைந்த செங்கல் இடுக்கில் இளைப்பாறுவேன், சேறு என் பாதங்களை மூடும், இங்கே எனக்கு நிகர் யார் என்று கடலாமை ஒன்றிடம் பெருமை பேசி, உள்ளே வந்து பார் என்று அழைக்கிறது. ஆமை இடது காலை வைத்து முடிப்பதற்குள் வலது முழங்கால் மாட்டிக்கொள்கிறது. காலை உருவிக்கொண்டு, கடல் என்றால் என்ன என்று ஆமை சொல்கிறது. பத்து ஆண்டுகளில் ஒன்பது ஆண்டு வெள்ளம் வந்தபோதும் அது உயரவில்லை, எட்டு ஆண்டுகளில் ஏழு ஆண்டு வறண்டபோதும் தாழவில்லை. கேட்ட தவளை வாயடைத்துப் போகிறது.

1893 செப்டம்பரில் சிகாகோவில் விவேகானந்தர் சொன்ன தவளைக் கதையைப் படித்தவர்கள் ஒரு வேறுபாட்டை உணர்வீர்கள். அங்கே கடலிலிருந்து வருவதும் ஒரு தவளைதான். உன் கடல் இவ்வளவு இருக்குமா என்று கிணற்றின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாவிக் காட்டும் கிணற்றுத் தவளை, கடைசியில் வந்தவனைப் பொய்யன் என்று விரட்டப் பார்க்கிறது. சீனத் தவளை திகைக்கிறது, இந்தத் தவளை சண்டைக்கு நிற்கிறது. பிள்ளைகளிடம் இந்த இரண்டையும் சொல்லி, நீங்கள் எந்தத் தவளை என்று கேட்டேன். வகுப்பு பாதிப் பாதியாகப் பிரிந்துவிட்டது.

இனி அந்த வானத்து வால். அது சுவாங்சியில் இல்லை. ஜப்பானில் பிற்காலத்தில் யாரோ ஒட்டிய சேர்க்கை. ‘வானத்தின் ஆழத்தை அறியும்’ என்றும் சிலர் சொல்வார்கள். ஒரே இடத்தில் ஊன்றி நின்று ஒன்றையே பார்ப்பவருக்கு அந்த ஒன்று ஆழமாகத் தெரியும் என்பது அதன் கருத்து. எனக்கு இது பிடித்திருக்கிறது. ஆனால் பழமொழியின் வாயை அடைக்க ஒட்டியது போலவும் ஒரு சந்தேகம். அந்த மாணவி இரண்டையும் ஒரே அட்டையில் எழுதி, பின்பாதியை வேறு நிறத்தில் எழுதி, ‘இது பின்னால் சேர்ந்தது’ என்று குறித்திருக்கிறாள். அட்டை என்றால் அது அட்டை.

அடுத்ததுதான் நான் அதிகம் பேச விரும்புவது. ‘சாகுரா கிரு பாகா, உமே கிரானு பாகா.’ பக்கத்துக்கு ஏழு அசை, விரல்விட்டு எண்ணிப் பார்க்கலாம். செர்ரி மரத்தை வெட்டுபவன் மடையன், உமே மரத்தை வெட்டாதவன் மடையன். உமே என்பது பிளம், ஆப்ரிகாட் இனத்தைச் சேர்ந்த மரம். குளிர் முடியும் முன்பே பூத்துவிடும், காயை உப்பிலிட்டு ஊறுகாய் செய்வார்கள்.

இது நீதிமொழி ஆவதற்கு முன் தோட்டக்காரரின் குறிப்பு. செர்ரியின் கிளையை வெட்டினால் காயம் எளிதில் மூடாது. அந்த வழியாகப் பூஞ்சை நுழைந்து மரத்தின் உட்பகுதியை அழுகச் செய்துவிடும். உமேயின் கதை நேர்மாறு. விட்டுவிட்டால் நெட்டுக்குத்தாக நீண்ட குச்சிகளைக் கிளப்பி, சத்தையெல்லாம் அவற்றுக்கே கொடுத்துவிடும். பூவும் காயும் தருவது குட்டையான சிறு கிளைகள்; வெட்டினால்தான் அவை பிறக்கும். இரண்டும் ஒரே குடும்பத்து மரங்கள், ஒரே தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பவை. ஒன்றுக்கு மருந்தாவது மற்றதற்கு நஞ்சு.

சென்ற பெற்றோர் கூட்டத்தில் ஒரு தந்தை எழுந்து, “முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும், பிள்ளையை அடித்து வளர்க்க வேண்டும்” என்றார். பாதிப் பேர் சிரித்தீர்கள், பாதிப் பேர் தலையாட்டினீர்கள். முருங்கையைப் பற்றி அவர் சொன்னது முற்றிலும் உண்மை. ஒடிக்க ஒடிக்கத் துளிர்க்கும் மரம் அது. என் வாதம் ஒன்றுதான்: எல்லாப் பிள்ளையும் முருங்கை என்று யார் சொன்னது? அன்று எனக்கு இந்த ஜப்பானியப் பழமொழி தெரிந்திருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன். (பிரம்பு நம் பள்ளியில் எந்த மரத்துக்கும் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருப்பேன்.)

இந்தப் பழமொழிக்கும் ஓர் எல்லை உண்டு. ஜப்பானின் வடபகுதியில் அவோமோரி மாகாணத்தில் ஹிரோசாகி என்ற ஊர் இருக்கிறது. ஆப்பிள் விளையும் பகுதி. அங்குள்ள கோட்டைப் பூங்காவில் ஏறத்தாழ 2,600 செர்ரி மரங்கள். அவற்றைப் பராமரிப்பவர்கள் ஆப்பிள் மரத்தைக் கழிக்கும் முறையையே செர்ரிக்கும் கையாள்கிறார்கள். பழமொழிப்படி இவர்கள் மடையர்கள். ஆனால் சோமெய் யோஷினோ என்ற செர்ரி வகைக்கு ஆயுள் அறுபது ஆண்டு என்று பொதுவாகச் சொல்வார்கள். இந்தப் பூங்காவிலோ நூறு ஆண்டைக் கடந்த மரங்கள் பல நிற்கின்றன. 1882இல் நட்ட மரம் ஒன்று இன்றும் பூக்கிறது. வெட்டும் பருவம், வெட்டும் இடம், வெட்டிய காயத்துக்குப் பூசும் மருந்து எல்லாம் தெரிந்த கை அவர்களுடையது. வீட்டுத் தோட்டத்தில் அரிவாளோடு நிற்பவருக்குச் சொன்ன பழமொழி அவர்களைக் கட்டுப்படுத்தாது. இதை ஒரு மாணவன் கண்டுபிடித்து அட்டையின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறான். முன்பக்கத்துக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

மூன்றாவதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘மோமோ குரி சன்னென், காகி ஹசினென்.’ பீச்சும் கஷ்கொட்டையும் காய்க்க மூன்று ஆண்டு, காகிப் பழம் எட்டு ஆண்டு. அட்டையில் ‘நீதி: பொறுமை’ என்று இருந்தது. தவறில்லை. ஆனால் இதற்கு ஊருக்கு ஊர் மாறும் தொடர்ச்சிகள் உண்டு. அவற்றில் ஒன்று, ‘யுசு நோ ஓபாகா ஜூஹசினென்’, அதாவது யுசு என்ற பெருமடையன் பதினெட்டு ஆண்டு. யுசு நம் நாரத்தையைப் போன்ற ஒரு புளிப்புப் பழம். விதையிலிருந்து வளர்த்தால் உண்மையிலேயே வெகுகாலம் காக்க வைக்கும். ஒட்டுக்கட்டினால் சில ஆண்டுகளிலேயே காய்க்கும் என்பதால் இன்றைய விவசாயிகள் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் ஒசாகா அருகிலுள்ள மினோவில் விதையிலிருந்தே வளர்த்த யுசு மரங்கள் இன்றும் இருக்கின்றன. அந்தப் பழத்தின் மணத்துக்குத் தனி மதிப்பு. ஏழாம் வகுப்பிலேயே பிள்ளையை நுழைவுத் தேர்வுப் பயிற்சியில் சேர்க்கலாமா என்று இந்த மாதம் என்னிடம் கேட்ட நான்கு பெற்றோருக்கும் இந்தப் பத்தியையே பதிலாகத் தருகிறேன்.

கண்காட்சி வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தொடங்கும். வருபவர்கள் பிள்ளையிடம் ‘என்ன நீதி?’ என்று கேட்க வேண்டாம். அந்த மரத்தை வெட்டினால் என்ன ஆகும், அந்தத் தவளை எங்கே உட்கார்ந்திருந்தது என்று கேளுங்கள். கடைசி மேசையில் ஒரு வெற்று அட்டை வைத்திருப்போம். வெட்டக் கூடாத மரம், வெட்டியே ஆக வேண்டிய மரம் என்று உங்கள் வீட்டில் அல்லது சொந்த ஊரில் இருப்பதை, காரணத்தோடு, தாத்தா பாட்டியைக் கேட்டு எழுதி வாருங்கள். முருங்கை ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்